ஒரு வாரத்துல மல்லி வருமாம்!

"வாடிக்கையாளர் கவனத்திற்கு: பனி காரணமாக மல்லிகை வரத்து தற்காலிகமாக இல்லை. ஒரு வாரத்தில் கிடைக்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்."

எங்க தெருமுக்குப் பூக்கடையில தொங்குற அட்டை இது. கார்த்திகை கடைசியில கட்டுனது. இப்போ பொங்கலே வரப்போகுது, இன்னமும் அதே ஒரு வாரம்தான்!

இன்னைக்குப் பொறுக்கமுடியாம கேட்டேன். "ஒரு வாரம்னு யாருண்ணே சொன்னா?"

"மேல சொல்றாங்கம்மா."

மேலன்னா யாரு? மாட்டுத்தாவணி மார்க்கெட்டா, மீனாட்சியம்மனா? எங்க அம்மா ஊரு உசிலம்பட்டிப் பக்கம். அங்க கார்த்திகை, மார்கழியிலதான் மல்லிச் செடியை முழங்கால் உயரத்துக்கு விட்டுட்டு கவாத்து பண்ணுவாங்க. வெட்டுன குச்சி துளிர்த்து, கிளை விட்டு, மொட்டு வைக்க மாசி, பங்குனி ஆயிரும். வெட்டாம விட்ட செடியில பூக்குற கொஞ்சநஞ்சமும் குளிருல சிறுத்துப்போகும். கோடையில கூடை கூடையா வர்ற பூ இப்ப கைப்பிடியாத்தான் வரும். அதுக்கு ஊரே அடிச்சுக்கும். பொங்கல் நெருக்கத்துல கிலோ 4,000 ரூபாயைத் தாண்டுன வருஷமெல்லாம் உண்டு. இவ்வளவையும் அட்டையில எழுதச் சொல்லல. "மாசி வரைக்கும் மல்லி கஷ்டம்"னு ஒத்த வரி எழுதுனா மை தீந்துருமா?

சரி, இல்லன்னா இல்ல, பிச்சியாவது குடுங்கண்ணேன்னேன். "இந்தாம்மா, உனக்காக ஒரு முழம் மல்லி எடுத்து வச்சேன்"னு ரகசியமா ஈரத்துணிக்கு அடியில இருந்து உருவுறாரு. தங்கம் கடத்துற மாதிரி! தலைக்கு மேல "இல்லை"னு அட்டை ஆடுது, அதுக்குக் கீழயே மல்லி வருது. மல்லி விலையும் வாங்கிட்டாரு.

வீட்டுல வந்து பிரிச்சா, காக்கடா. மல்லி மொட்டு குண்டா உருண்டு இருக்கும். இது ஒல்லியா கூரா நீட்டிக்கிட்டு இருக்கு. சாயங்காலம் விரிஞ்சதும் இதழெல்லாம் நட்சத்திரம் கணக்கா கூர்மையா நின்னுச்சு. மூக்கை உள்ள விட்டுத் தேடினாலும் வாசம் இல்ல. மதுரையில பொறந்தவளுக்கு, புவிசார் குறியீடு வாங்குன ஊருல, காக்கடாவை மல்லின்னு கட்டிக் குடுக்குறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! காக்கடான்னே சொல்லிக் காக்கடா விலைக்குக் குடுத்திருந்தா வாயை மூடிக்கிட்டு வச்சிருப்பேன். சாமிக்கும் அதைத்தானே போடுறோம்.

திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். அவரு அசரவே இல்ல. "பனியில வாசம் அடங்கிருக்கும்மா, வெயில் வந்தா மணக்கும்"ங்குறாரு. அறுத்துக் கட்டுன பூ வெயில் வந்தா மணக்குமாம்! எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்ச குத்தத்துக்கு இன்னொரு முழம் தலையில கட்டிட்டாரு, அதுக்கும் காசு.

அது கிடக்கட்டும். மார்கழி பூரா விடியக்காலை நாலரைக்கு குழாயைக் கட்டி அலறவிடுறாங்களே, அதை யாரு கேக்குறது? அதுவும் குழாயை எங்க வீட்டு ஜன்னலைப் பாத்தே திருப்பி வச்சிருக்கானுக!