அரை மணி நேரம்தானே என்கிறார்கள்

காலைக் கூட்டத்தை 9 மணியிலிருந்து 8.30க்கு மாற்றிவிட்டார்கள். அறிவிப்பைப் படித்து முடித்ததும் மேலாளர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் எரிகிறது. "அரை மணி நேரம்தானே, கொஞ்சம் சீக்கிரம் படுத்தால் சரியாகிவிடும்."

எந்த அரை மணி நேரம்? என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இதுவரை 5 மணிக்கு அலாரம். 6 மணி பேருந்தைப் பிடித்தால் 6.30க்கு ரயில் நிலையம், 6.40க்கு ரயில், 8.05க்கு இறக்கம், அடுத்த பேருந்தில் தொங்கிக்கொண்டு 8.45க்கு அலுவலகம். இனி 8.30க்குள் உள்ளே இருக்க வேண்டுமென்றால் இதற்கு முந்தைய ரயிலில் ஏற வேண்டும். அது 6.05க்கு. அரை மணிக்குப் பதில் 35 நிமிடம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ரயிலுக்கு ஒத்துவருகிற பேருந்து 5.30க்கு இருக்கிறது. அது நிலையத்துக்கு வரும்போது மணி 6. ஐந்தே நிமிடத்தில் அந்தக் கூட்டத்தில் மேம்பாலம் ஏறி இறங்கி நடைமேடைக்குப் போக யாராலும் முடியாது. இரண்டு நாள் முயன்றேன். இரண்டு நாளும் படியில் நிற்கும்போதே ரயில் கிளம்பிப் போனது. ஆக, 5.10 பேருந்துதான். அலாரம் 4.10க்கு. அவர்கள் எடுத்துக்கொண்டது அரை மணி நேரம், என் இரவிலிருந்து போனது ஐம்பது நிமிடம்.

அந்த ஐம்பது நிமிடம் எதிலிருந்து போகிறது என்று யாராவது யோசித்தார்களா? தூக்கம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் முதல் பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கனவு வருகிற தூக்கம், கண்மணிகள் வேகமாக அசைகிற அந்த நிலை, இரவின் கடைசிப் பகுதியில்தான் நீளமாக வருகிறது. 5 மணிக்கு எழுந்திருந்தவன் 4.10க்கு எழுந்தால் வெட்டுப்படுவது பெரும்பாலும் அதுதான். வெட்டுகிற நேரமும் மோசம். உடல் வெப்பம் இரவில் மிகக் குறைந்து கிடக்கிற வேளை, பலருக்கும் விடியலுக்கு முந்தைய அந்த ஓரிரு மணி நேரம்தான். அப்போது எழுப்பினால் மந்தம் சீக்கிரம் விலகாது. நேற்று சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சொல்லித்தான் தெரிந்தது.

சரி, சீக்கிரம் படுக்கிற கதைக்கு வருகிறேன். மாலை 6 மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர 8.40. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். 4.10லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 9.10க்கு நான் தூங்கிப்போயிருக்க வேண்டும். வீட்டுக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் குளித்து, சாப்பிட்டு, நாள் முழுக்க எனக்காகக் காத்திருந்த பிள்ளையிடம் இரண்டு வார்த்தை பேசி, விளக்கை அணைத்து, தூங்கியும் போய்விட வேண்டும்!

அதையும் செய்து பார்த்தேன். போன வாரம் மூன்று இரவு 9.15க்கே படுத்தேன். பிள்ளையிடம் பேசாமல் படுத்தேன். கண் எரிகிறது, உடம்பு வலிக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. மூன்று நாளும் கூரையைப் பார்த்துக்கொண்டு 11 மணி வரை கிடந்தேன். இது மனக்கட்டுப்பாட்டில் வந்த குறை இல்லை. வழக்கமாகத் தூங்குகிற நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் நம் உள்கடிகாரம் நம்மை விழிப்பாகவே பிடித்து வைத்திருக்கும். 11 மணிக்குத் தூங்கிப் பழகியவனுக்கு 9 மணி என்பது உடல் தூக்கத்தை எதிர்த்து நிற்கிற நேரம். அந்தக் கடிகாரத்தை முன்னே தள்ளலாம், ஆனால் நாளுக்குக் கொஞ்சமாகத்தான் நகரும். அதற்குக் காலை வெளிச்சம் வேண்டும், இரவில் வெளிச்சம் குறைய வேண்டும். நான் இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்பி, கண் கூசுகிற விளக்குகளுக்குக் கீழே நின்றபடி இரவில் திரும்புகிறவன்.

"ரயிலில் தூங்கிக்கொள்ளலாமே" என்று அடுத்த அறிவுரை வரும். காலையில் நிற்கத்தான் இடம் கிடைக்கும். நின்றபடி கண்ணயர்ந்தால் கழுத்துத் தசை தளர்கிற நொடியில் தலை தொங்கும், உடனே விழிப்பு வந்துவிடும். தூக்கத்தின் வாசல்படியைத் தாண்டவே முடியாது. மாலையில் பாதி வழிக்கு மேல் உட்கார இடம் கிடைக்கும். அதுதான் பெரிய ஆபத்து என்று எனக்குப் புரியவே மாதக்கணக்கில் ஆனது. ஏழரை மணிக்கு நாற்பது நிமிடம் அசந்து தூங்கினால் உடம்பு பகல் முழுக்கச் சேர்த்து வைத்த தூக்கப் பசி கரைந்துவிடும். அன்றைக்கு இரவு 12 ஆனாலும் புரண்டுகொண்டுதான் கிடப்பேன். இப்போதெல்லாம் மாலையில் இடம் கிடைத்தாலும் உட்காருவதில்லை. கால் கடுக்க நின்றே வருகிறேன், இரவில் தூங்க வேண்டும் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கலாம் என்றால் அதுவும் நம் கழுத்தையே பிடிக்கிறது. 9 மணி வரை தூங்கிய ஞாயிறுகளில் இரவு ஒரு மணி வரை தூக்கம் வராது, திங்களன்று மூன்று மணி நேரத் தூக்கத்தோடு ஓட வேண்டும். இப்போது ஞாயிறு ஆறரைக்கே எழுந்து, மதிய உணவுக்குப் பிறகு அரை மணி நேரம் மட்டும் படுக்கிறேன். திங்கள் கொஞ்சம் தேவலை. விடுமுறை நாளிலும் அலாரம் வைத்து எழுகிற வாழ்க்கை இது.

"பழகிவிடும்" என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறுகிறது. பழகாது. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சிலரைத் தொடர்ந்து 14 நாள் இரவுக்கு 6 மணி நேரம் மட்டும் படுக்க விட்டார்கள். நாளாக நாளாக அவர்களுடைய கவனம் குறைந்துகொண்டே போய், கடைசியில் ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள் நிலைக்கு வந்துவிட்டது. அவர்களோ, தங்களுக்குக் கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நாம் பழக்கம் என்று சொல்வது இதைத்தான். தேய்ந்துகொண்டிருப்பது தேய்கிறவனுக்கே தெரியவில்லை.

இவ்வளவும் எதற்காக? இன்று அந்த 8.30 கூட்டம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. நான் வாய் திறந்தது ஒரே ஒரு முறை, வந்திருக்கிறேன் என்று சொல்ல. மேலாளரிடம் போய், 9 மணிக்கே வைத்தால் என்ன, இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாளாவது வீட்டிலிருந்தே கலந்துகொள்கிறேன் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அவர் வீடு அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்.

இரவு 11 மணிக்குப் படுக்கும்போது 4.10க்கு அலாரம் வைத்தேன். "5 மணி நேரம் 10 நிமிடத்தில் ஒலிக்கும்" என்று போன் காட்டியது. கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இன்னொன்று. அந்த 6.05 ரயிலில், பெட்டி முழுக்கக் கண் மூடி நிற்கும்போது, காதில் ஒன்றும் மாட்டாமல் முழுச் சத்தத்தில் வீடியோ பார்க்கிறவரே, உங்களைத்தான் சொல்கிறேன். இங்கே நிற்கிற ஒவ்வொருவரும் நாலு மணிக்கு எழுந்து வந்தவர்கள். நீங்களும்தானே?