மங்கலான நினைவோடு தேடும்போது எதை விடுவது?

அரைகுறை நினைவோடு இணையத்தில் தேடுகிறவர்கள், நினைவில் உள்ள அனைத்தையும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். நான் அதற்கு நேர்மாறான வழியையே பரிந்துரைப்பேன். தேடுபொறி பெரும்பாலும் கேட்ட சொற்களில் அதிகமானவை ஒன்றாக வரும் பக்கங்களையே முன்னே கொண்டுவரும். ஒரு விவரம் பிசகியிருந்தால்கூட நமக்கு வேண்டிய பக்கம் பின்னுக்குப் போய்விடும்.

ஹட்டனில் இருக்கும் என் பெரியப்பா ஒரு பழைய கதையைத் தேடித் தரச் சொன்னார். "சுதந்திரத்துக்கு முந்தி, கண்டிப் பக்கத் தோட்டத்துல நம்ம ஆளுங்களுக்காகப் பேசின வெள்ளக்காரத் தொரய நாடு கடத்துனாங்க. அந்த ஸ்ட்ரைக்குல பொலிஸ் ஒருத்தர சுட்டுருச்சி." இதை அப்படியே தேடியபோது, தோட்டத் தொழிலாளர் வரலாற்றைப் பொதுவாகப் பேசும் பக்கங்களே வந்தன. எனவே துப்பாக்கிச் சூட்டை விட்டுவிட்டு, துரையை மட்டும் வைத்துக்கொண்டேன். அக்கால ஆவணங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றில் வரக்கூடிய சொற்களாலேயே கேட்டேன்.

```
Ceylon young planter deportation order estate workers
```

பிரேஸ்கேர்டில் என்ற பெயர் கிடைத்தது. மடுல்கலைப் பகுதித் தோட்டத்தில் பயிற்சிபெற்ற அவரை 1937இல் நாடு கடத்த ஆணை பிறந்தது; உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஆனால், எத்தனை பக்கங்களைப் படித்தாலும் அந்தக் கதையில் சூடுபட்டு இறந்த தொழிலாளி வரவில்லை. பொருந்த வேண்டிய ஒரு விவரம் எந்தப் பக்கத்திலும் தலைகாட்டாவிட்டால், நினைவில் இரண்டு சம்பவங்கள் கலந்திருக்கின்றன என்று ஐயப்பட வேண்டும். அடுத்ததாகத் துரையை விட்டுவிட்டுத் தேடினேன்.

```
Ceylon tea estate strike police shot worker Kandy
```

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரியப்பாவின் மனதில் மூன்றாண்டு இடைவெளியுள்ள இரு நிகழ்வுகள் ஒன்றாகியிருந்தன. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டும் ஒரே காலத்துத் தொழிலாளர் எழுச்சியைச் சேர்ந்தவைதாம்.

தோட்டத்தின் பெயர் கைக்கு வந்ததும் பழைய பொதுச்சொற்களை நீக்கி, அந்தப் பெயரையும் கோவிந்தனையும் மட்டும் வைத்தேன். இங்கே இன்னொரு கவனம் தேவை. மேற்கோள் குறிக்குள் இட்டால் தேடுபொறி அந்த எழுத்துக்கூட்டலையே பிடித்துக்கொள்ளும். நம் தோட்டப் பெயர்களோ ஆளுக்கொரு விதமாக எழுதப்படுகின்றன. ஆகவே மாற்று வடிவங்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

```
(Govindan OR கோவிந்தன்) ("Mooloya" OR "Mul Oya" OR "முல்லோயா")
```

ஆண்டு தெரிந்த பிறகு, காலத்தைக் குறுக்கும் வடிகட்டியில் 1940 என்று போட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த வடிகட்டி பார்ப்பது பக்கம் வெளியான நாளையே தவிர, சம்பவம் நடந்த நாளை அல்ல. அதைப் பயன்படுத்தினால், இச்சம்பவத்தைப் பற்றி அண்மையில் எழுதப்பட்ட நல்ல கட்டுரைகள்தாம் முதலில் விலகிப்போகும். ஆண்டைத் தேடல் வரியிலேயே ஒரு சொல்லாகச் சேர்த்தால் போதும்.