டோபமைன் சுகம் அல்ல, நாட்டம்

“டோபமைன்தான் சுகம். பீடியில் அந்தச் சுகம் இருக்கும்வரை யாரும் அதை விடமாட்டார்கள்” என்று இங்கே ஓர் அண்ணா எழுதியிருக்கிறார்.

பீடியிலுள்ள நிகோட்டின், மூளை வேதிப்பொருளான டோபமைனைக் கூட்டும் என்பது வரை நீங்கள் சொல்வது சரிதான், அண்ணா. ஆனால் டோபமைனை ஏறக்குறைய முழுவதும் இழந்த எலிகள்கூட, நாக்கில் இனிப்பு பட்டதும் உதட்டை நக்கி ரசித்தன. தாமாகப் போய் உண்ண மட்டும் முயலவில்லை. மூளை ஆய்வாளர் கென்ட் பெரிட்ஜ் குழுவினர் 1989-இல் காட்டியது இது.

எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைக்கும்போதுதான் நடுமூளையின் டோபமைன் செல்கள் துடிப்பைக் கூட்டுகின்றன. எதிர்பார்த்தபடியே வந்துவிட்டால் பலாச்சுளைக்கும் அவை பெரிதாக அசைவதில்லை. நிகோட்டினோ அந்தச் செல்களையே நேரடியாகத் தூண்டுவதால், பழகிய பீடிக்கும் ‘நினைத்ததைவிட நல்லது’ என்ற பொய்ச் செய்தி போய், அதற்கு முன் வரும் அடையாளங்கள் நாட்டத்தைத் தூண்டுவதில் மேலும் மேலும் வலுப்பெறுகின்றன.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் சித்தப்பா, விடியுமுன் வெட்டுக்கத்தியைக் கையில் எடுத்ததுமே மடியில் பீடியைத் துழாவுவார். கேட்டால், “ருசி போய் வருசம் பல ஆச்சு மக்களே” என்பார். ருசி போன பிறகும் கத்தி கைக்கு வந்தால் நாட்டம் வருகிறது.

சாயாப் பழக்கமும் இப்படித்தானா என்று கேட்ட அக்காவுக்கு: சாயாவிலுள்ள காஃபின் வேலை செய்யும் வழி வேறு, அது இதே டோபமைன் பாதையை எந்த அளவு தூண்டுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.