கால் சதவீதத்துக்குப் பின்னால் நிற்கும் வரிசை

மத்திய வங்கி வட்டியைக் கால் சதவீதம் ஏற்றியதாகச் செய்தி வந்தாலே கீழே ஒரு கமெண்ட் தவறாமல் வரும்: "ஏற்ற வேண்டியது ரெண்டு சதவீதம்னு தெரியுது, ஒரேயடியா ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே, எதுக்கு இந்த இழுவை?" எனக்கும் வெகுநாள் இதே கேள்வி இருந்தது. அவர்கள் பயந்தாங்கொள்ளிகள் என்றுதான் நினைத்தேன். இப்போது பாதிதான் அப்படி நினைக்கிறேன்.

மத்திய வங்கி நேரடியாகக் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு ராத்திரிக் கடனின் வட்டியை மட்டும்தான். வங்கிகள் தங்களுக்குள் இன்று வாங்கி நாளை திருப்பிக் கொடுக்கும் பணம் அது. வீடு கட்டுபவரோ தொழிற்சாலை போடுபவரோ அந்தக் கடனை வாங்குவதில்லை. அவர்களுக்கு வேண்டியது பல ஆண்டுக் கடன். அதன் வட்டியோ, இனி வரும் காலத்தில் ராத்திரி வட்டி எப்படி இருக்கும் என்று சந்தை எதிர்பார்க்கிறதோ அதன் சராசரியை ஒட்டித்தான் அமையும். (நீண்ட காலம் பணத்தை முடக்குவதற்கான கூடுதல் தொகையும் அதில் சேரும். அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.)

சரி, ஒரு சின்னக் கணக்கு. ராத்திரி வட்டியை இன்று கால் சதவீதம் ஏற்றுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு கால் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். எட்டாவது காலாண்டில் ஏற்றம் 2 சதவீதத்தைத் தொடும். எட்டு காலாண்டுகளின் சராசரி ஏற்றம் 1.125. ஆகவே இரண்டு ஆண்டுக் கடனின் வட்டி இன்றைக்கே 1.125 சதவீதம் ஏறிவிடுகிறது. வங்கி கொடுத்தது கால்தான்!

இப்போது இன்றே 1 சதவீதம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். "அவசரப்பட்டுவிட்டார்கள், ஆறு மாதத்தில் இறக்கிவிடுவார்கள்" என்று சந்தை நினைத்தால் சராசரி ஏற்றம் வெறும் 0.25. ஒரேயடியாக 2 ஏற்றி, அது அங்கேயே நிற்கும் என்று எல்லோரும் நம்பினால் சராசரி 2, உண்மைதான். ஆனால் அதில் பாதிக்கும் மேலான வேலையை ஒரு கால் செய்துவிடுகிறது. இடையில் பொருளாதாரம் தடுமாறினால் நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. வட்டி ஏற்றம் விலைவாசியில் முழுதாகத் தெரிய ஓராண்டுக்கு மேல்கூட ஆகலாம். மருந்தின் வீரியம் சரியாகத் தெரியாதபோது அளவைக் குறைத்துக் கொடு என்று பொருளாதார அறிஞர் வில்லியம் பிரைனார்ட் 1967-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

இதுவரை வங்கியின் பக்கம். எனக்கு உறுத்துவது இனிமேல்தான்.

1994 பிப்ரவரி. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கூட்டத்தில் பல உறுப்பினர்கள் அரை சதவீதம் ஏற்றச் சொன்னார்கள். சந்தை தாங்காது என்று தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் கால் சதவீதத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தார். ஆனால் சந்தை அந்தக் காலை மட்டும் பார்க்கவில்லை, பின்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தது. ஏற்றம் தொடரத் தொடர, ஆறுக்குக் கீழே இருந்த பத்தாண்டு அரசுப் பத்திர வட்டி நவம்பருக்குள் 8 சதவீதத்தை எட்டியது. வட்டி ஏறினால் பழைய பத்திரத்தின் விலை விழும். கடன் வாங்கிப் பத்திரங்களில் போட்டிருந்தவர்கள் நொறுங்கினார்கள். அந்த டிசம்பரில் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டி நிர்வாகமே திவாலானது.

ஃபெட் ஆளுநராக இருந்த ஜெரமி ஸ்டெய்னும் அவரோடு ஆய்வு செய்த ஆதி சுந்தரமும் இதை ஒரு பொறியாகவே விளக்குகிறார்கள். சந்தை அதிரக்கூடாது என்று வங்கி அடியைச் சிறிதாக வைக்கிறது. சிறிய அடிக்குப் பின்னால் பெரிய சேதி ஒளிந்திருக்கிறது என்று சந்தை கற்றுக்கொள்கிறது. அப்புறம் சிறிய அடிக்கே அதிருகிறது. உடனே வங்கி இன்னும் சிறிதாக வைக்கிறது.

இதன் மறுகோடியை 2004-06-இல் பார்த்தோம். ஜூன் 2004 முதல் ஜூன் 2006 வரை தொடர்ந்து 17 கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் கால். 1 சதவீதம் 5.25 ஆனது. அதிர்ச்சி ஏதுமில்லை. நாள்காட்டியில் முன்கூட்டியே குறித்து வைக்கலாம் போல இருந்தது. ராத்திரி வட்டி ஏறிக்கொண்டிருக்க, பத்தாண்டு வட்டி முதல் சில மாதங்களில் இறங்கவே செய்தது. கிரீன்ஸ்பானே அதைப் புதிர் என்றார். அதற்குக் காரணம் பல சொல்கிறார்கள். அடுத்த அடி இவ்வளவுதான் என்று உறுதியாகத் தெரிந்ததால் துணிந்து கடன் வாங்கிப் பத்திரங்களில் போட்டவர்களும் அதில் உண்டு என்பது என் கட்சி.

2022-இல் வரிசையே குலைந்தது. மார்ச்சில் கால், மே மாதம் அரை. முக்கால் சதவீதம் பற்றித் தீவிரமாக யோசிக்கவில்லை என்று அப்போது ஃபெட் தலைவராக இருந்த ஜெரோம் பவல் வெளிப்படையாகவே சொன்னார். ஜூன் 10 அன்று பணவீக்கம் 8.6 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஐந்தே நாளில் முக்கால் ஏற்றினார்கள். அப்படி ஒரு முக்கால் அதற்கு முன் கடைசியாக வந்தது 1994 நவம்பரில்.