முடிவைச் சொல்லாமல் ஸ்பானிஷில் ஒரு திரை விமர்சனம்

ஸ்பானிஷில் திரை விமர்சனம் எழுதுகிறவர்கள் தலைப்புக்குப் பக்கத்தில் "சின் எஸ்பாய்லெர்ஸ்", அதாவது கதையை உடைக்காமல் என்று போட்டுவிட்டு, கடைசிக் காட்சியைப் பற்றி வாய் திறக்காமல் இருந்துவிட்டால் வாக்கைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மொழியில் விமர்சனங்களைத் தொடர்ந்து படித்தும் எழுதியும் வருகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் உடன்பாடில்லை. கதை பெரும்பாலும் கசிவது கடைசிக் காட்சியை விவரிக்கும் வாக்கியத்தில் அல்ல. கதைச் சுருக்கத்தின் நடுவில், யாரும் கவனிக்காத ஒரு வினைமுற்றிலோ பெயரடையின் கடைசி எழுத்திலோதான் அது கசிகிறது. ஸ்பானிஷ் இலக்கணம் இந்த விஷயத்தில் எழுதுகிறவரைக் காட்டிக்கொடுக்கவும் செய்யும், காப்பாற்றவும் செய்யும்.

இதை ஒரு படத்தை வைத்தே பேசுகிறேன். ஹுவான் ஹொசே காம்பனேயா இயக்கி 2009இல் வெளிவந்த அர்ஜென்டினப் படமான "எல் செக்ரெத்தோ தெ சுஸ் ஓஹோஸ்", எதுவார்தோ சாச்செரியின் நாவலைத் தழுவியது. சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. படத்தைப் பார்க்காதவர்கள் தயங்காமல் மேலே படிக்கலாம், எதையும் உடைக்கப்போவதில்லை.

நான் எழுதக்கூடிய கதைச் சுருக்கம் இவ்வளவுதான். புவெனோஸ் ஐரெஸ் நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெஞ்சமின் எஸ்பொசித்தோ, 1999இல் ஒரு நாவல் எழுத உட்காருகிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவர் விசாரித்த ஒரு வழக்கு, புதிதாகத் திருமணமான ஓர் இளம்பெண் தன் வீட்டிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கு, அவர் மனதை விட்டு இன்னும் அகலவில்லை. எழுதிய பக்கங்களோடு, அந்நாளில் தனக்கு மேலதிகாரியாக இருந்த இரேனேயைத் தேடிப் போகிறார். 1974இல் அந்த வழக்கை எஸ்பொசித்தோவும், குடிப்பழக்கத்தால் அல்லாடும் அவருடைய சக ஊழியர் சாந்தொவாலும் கையில் எடுக்கிறார்கள். பழைய புகைப்படங்களில் எஸ்பொசித்தோவின் கண் ஓரிடத்தில் நிலைக்கிறது.

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். முதல் அரை மணி நேரத்தைச் சொல்லலாம், அதற்கு மேல் கூடாது என்று சிலர் நேரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு எல்லாப் படத்துக்கும் பொருந்தாது, ஏனென்றால் சில படங்கள் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு பெரிய திருப்பத்தை வைத்திருக்கும். படம் எந்தக் கேள்வியைப் பார்வையாளர் மனதில் எழுப்பி மீதி நேரம் முழுவதும் அவரைப் பிடித்து வைத்திருக்கிறதோ, அந்தக் கேள்வி எழும் இடம்தான் சுருக்கத்தின் எல்லை என்பது என் கருத்து. இந்தப் படத்தில் யார் செய்தது என்பதோடு, இந்த மனிதர் ஏன் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வழக்கிலிருந்து விடுபட முடியாமல் இருக்கிறார் என்பதும் கேள்வியாகிறது. புகைப்படம் வரை வந்துவிட்டால் இரண்டு கேள்விகளும் எழுந்துவிடுகின்றன. அந்தப் புகைப்படத்தில் அவர் கண்டது யாரை என்று ஒரு வார்த்தை கூடச் சொன்னால், முதல் கேள்வி பாதி செத்துவிடும்.

அடுத்தது காலம். ஸ்பானிஷில் கதைச் சுருக்கத்தை நிகழ்காலத்தில் எழுதுவது வழக்கம். இரண்டு காலங்களில் நடக்கும் கதை என்றால் மட்டும், 1999ஐ நிகழ்காலத்திலும் 1974ஐ இறந்தகாலத்திலும் எழுதத் தோன்றும். பார்வைக்கு அது ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் "ஏரா" என்ற இறந்தகால வினையைப் போட்டு "இன்னார் அவருடைய நண்பராக இருந்தார்", "இன்னார் வங்கி ஊழியராக இருந்தார்" என்று எழுதிக்கொண்டே போனால், படிக்கிறவர் தன்னையறியாமலேயே ஒரு கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்: இவர்களில் இப்போது யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யாருடைய நட்பு முறிந்தது? கேட்கக் கூடாத கேள்வியை அந்த ஒரு வினைமுற்று கேட்க வைத்துவிடுகிறது. "என் 1974", அதாவது 1974இல் என்று ஆண்டை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நட்டுவிட்டு, அதற்குப் பின் வரும் வினைகளையும் நிகழ்காலத்திலேயே வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. மேலே தமிழில் எழுதிய சுருக்கத்தில் "எடுக்கிறார்கள்", "நிலைக்கிறது" என்று வருவதும் இதற்காகத்தான்.

இணைப்புச் சொற்களில் இதைவிட நுட்பமான ஆபத்து இருக்கிறது. "ஆஸ்தா கெ என்குவெந்த்ரா", அதாவது கண்டுபிடிக்கும் வரை என்று எழுதினால், தேடுகிறவர் கண்டுபிடித்தே விடுகிறார் என்று சொல்லிவிட்டோம். அதே இடத்தில் முன்பு என்ற பொருள் தரும் "ஆந்தெஸ் தெ கெ" போட்டால் பின்னால் வரும் வினை இலக்கணப்படியே சுப்ஹுன்தீவோ எனப்படும் ஐய வினைவடிவத்துக்குப் போய்விடும். நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்பது திறந்தே நிற்கும். "அவுன்கெ" என்ற சொல்லுக்குப் பின் இரண்டு வடிவமும் வரலாம் என்பதால் அங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். "அவுன்கெ முவெரெ" என்றால் அவர் இறக்கிறார், ஆனாலும் என்று பொருள். "அவுன்கெ முவெரா" என்றால் இறந்தாலும் என்று பொருள். ஒரே ஒரு உயிரெழுத்து மாறியதில் ஒரு பாத்திரத்தின் சாவு வெளியே வந்துவிடுகிறது. "தெஸ்குப்ரெ", அதாவது கண்டறிகிறார் என்று எழுதினால், அவர் கண்டறிந்தது உண்மை என்று விமர்சகரே சான்றிதழ் கொடுத்ததாக ஆகிறது. "க்ரெஎ", அதாவது நம்புகிறார் என்று எழுதினால் அவர் ஏமாறவும் இடம் இருக்கிறது. வென்றார் என்பதற்குப் பதில் முயல்கிறார் என்ற "இன்தென்தா" இருக்கிறது. இவற்றைத் தெரிந்து பயன்படுத்துகிற விமர்சகரின் சுருக்கத்தில் பூசி மெழுகுவது போன்ற தொனி வருவதே இல்லை. கதையை நேராகச் சொல்லியிருப்பார். அதே சமயம் எதையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்.

பால் விகுதி இன்னொரு கசிவு. தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுக்கும். "கொன்றாள்" என்று எழுதிய பிறகு மறைக்க ஒன்றுமில்லை, "கொன்றது யார்" என்று வாக்கியத்தைத் திருப்பித்தான் தப்பிக்க வேண்டும். ஸ்பானிஷில் வினை பாலைக் காட்டாது, எழுவாயை விட்டுவிடவும் செய்யலாம். காட்டிக்கொடுப்பவை பெயரடையும் பெயர்ச்சொல்லும்தான். இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் தங்கியிருக்கும் ஒரு வீட்டில் ஒருவர் காணாமல் போவதாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். காணாமல் போனவள் என்று பொருள்படும் "தெசபரெஸிதா" என்ற பெண்பால் வடிவம் ஓரிடத்தில் விழுந்தாலும் பாதிப்பேர் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். "நால்வரில் ஒருவர்" என்பதற்கு நபர் என்று பொருள்படும் "பெர்சோனா" என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால், அது யாரைக் குறித்தாலும் பெண்பாலாகவே நிற்கும் சொல் என்பதால் எதுவும் வெளிவராது. பலியானவரைக் குறிக்கும் "விக்திமா"வும் அப்படித்தான், பாத்திரத்தைக் குறிக்கும் "பெர்சொனாஹெ" எப்போதும் ஆண்பால். யாரோ என்ற "ஆல்கியென்", யார் என்ற "கியென்", உடைமையைக் குறிக்கும் "சு" ஆகியவையும் பாலைச் சொல்லாதவை. நாம் எடுத்துக்கொண்ட படத்தின் தலைப்பிலேயே அந்த "சுஸ்" இருக்கிறது: அவன் கண்களா, அவள் கண்களா, அவர்கள் கண்களா என்று தலைப்பு சொல்லவில்லை. விமர்சகரும் சொல்லிவிடக் கூடாது.

கருத்துப் பகுதியில் பலர் தடுமாறுவதற்குக் காரணம், கதையைச் சொல்லாமல் எதைப் பாராட்டுவது என்று தெரியாததுதான். இந்தப் படத்தில் பலரும் பேசுகிற கால்பந்து மைதானக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு வானில் பறந்து வரும் கேமரா, விளக்கொளியில் மிதக்கும் ஊராகான் மைதானத்தின் மேலே நகர்ந்து, ஆட்டக்காரர்களின் தலைக்கு மேல் கடந்து, ஆர்ப்பரிக்கும் கூட்டத்துக்குள் இறங்கி, ஒரு முகத்தருகே வந்து நிற்கிறது. அங்கிருந்து வெட்டே தெரியாமல் சில நிமிடங்கள் ஓடுகிறது. எஸ்பொசித்தோவும் சாந்தொவாலும் கூட்டத்தில் "ஆல்கியென்" ஒருவரைத் தேடுகிறார்கள் என்று மட்டும் சொல்லி, அந்தத் தேடலின் பதற்றத்தைக் கேமரா எப்படி உண்டாக்குகிறது என்று ஒரு பத்தி எழுதலாம். ஆயிரக்கணக்கானவர்கள் கொண்ட கூட்டத்தை முதலில் ஒரே பொருளாகக் காட்டி, பிறகு ஒவ்வொரு முகமாகப் பிரித்துக் காட்டுவதால்தான் தேடுவது எவ்வளவு கடினம் என்று நமக்கு உறைக்கிறது. காட்சி எப்படி முடிகிறது என்பது இந்தக் கருத்துக்குத் தேவையே இல்லை.

நடிப்புக்கும் இதே வழிதான். சாந்தொவாலாக வரும் கியெர்மோ பிரான்செயா அர்ஜென்டினாவில் நகைச்சுவை நடிகராகப் பெயர் பெற்றவர். சிரிக்க வைக்க உதவும் அதே நேரக் கணிப்பை அவர் இங்கே ஒரு களைத்த மனிதரின் கௌரவத்தைக் காட்டப் பயன்படுத்துகிறார். இதைச் சொல்ல நடிகரை எழுவாயாக வைத்து எழுதினால் போதும். பாத்திரத்துக்கு என்ன நேர்கிறது என்ற பேச்சு எழாது. குறையையும் இப்படியே சொல்லலாம். தொடக்கத்தில் வரும் ரயில் நிலையப் பிரிவுக் காட்சி எனக்கு மிகையாகவே தோன்றுகிறது. முதுமைத் தோற்றத்துக்கான ஒப்பனையும் அண்மைக் காட்சிகளில் உறுத்துகிறது.

வரலாற்றுப் பின்னணியைச் சொல்வதில் ஒரு வரம்பு உண்டு. 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது என்பதும், அதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே அரசியல் வன்முறை தலைதூக்கியிருந்தது என்பதும் வரலாறு. அவற்றைத் தனி வாக்கியமாக எழுதலாம். அந்த வாக்கியத்தையும் வழக்கையும் "போர் எஸோ", அதாவது அதனால் என்ற சொல்லால் கோத்துவிட்டால், அது கதையின் ஒரு திருப்பத்தைச் சொல்லிவிட்டதாக ஆகும்.

முடிவைப் பற்றி எழுதும்போது நான் எல்லாவற்றுக்கும் மேலாகத் தவிர்ப்பது பெயரடைகளை. "எதிர்பாராத முடிவு" என்று படித்தவர் படம் முழுவதும் எதிர்பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கண்ணில் படும் ஒவ்வொரு பாத்திரத்தையும் சந்தேகிப்பார். "சோகமான முடிவு" என்றால் நம்பிக்கை தரும் காட்சி எதையும் நம்ப மாட்டார். "ஹிரோ பினால்", அதாவது இறுதித் திருப்பம் என்ற தொடரும் அதே வேலையைத்தான் செய்கிறது. எஸ்பொசித்தோவின் படத்துக்கு நான் எழுதும் வாக்கியம், படம் தான் எழுப்பிய கேள்விக்குத் தானே பதில் சொல்லிவிட்டுத்தான் முடிகிறது என்பதாகவே இருக்கும். அது ஒரு மதிப்பீடு. பல படங்கள் அதைச் செய்வதில்லை என்பதால் பாராட்டும்கூட. பதில் என்ன, அது ஆறுதல் தருகிறதா இல்லையா என்பதை அந்த வாக்கியத்திலிருந்து யாராலும் எடுத்துவிட முடியாது.