இவ்வளவு செலவு பண்ணியாச்சே என்பது ஒரு காரணமா?

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் சித்தி மகன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் படிக்கிறான். ரெண்டு வருஷம் முடிந்தது, ஐந்து அரியர், அதில் ரெண்டு கணக்குப் பேப்பர். ஞாயிற்றுக்கிழமை மாமாவின் தேங்காய் மண்டியில் உட்கார்ந்து வரவு செலவு எழுதச் சொன்னால் மட்டும் பையன் முகமே மலர்ந்துவிடும். பி.காம். சேர்கிறேன் என்கிறான். சித்தப்பா டைரியைத் திறந்து, பீஸ், பஸ், புத்தகம் என்று எழுதி வைத்த நாலு லட்சத்தைக் காட்டுகிறார். "இதை யாருடா திருப்பித் தருவா?"

யாரும் தரமாட்டார்கள், படிப்பை முடித்தாலும்கூட. இதைத்தான் நம் வீடுகளில் யாரும் யோசிப்பதில்லை. அந்த நாலு லட்சம் ரெண்டு வழியிலும் போனதுதான், அதனால் எந்த வழி நல்லது என்று பார்க்கும்போது அது கணக்கிலேயே வராது. அதில் ரெண்டரை லட்சம் வங்கிக் கடன், அதுவும் அப்படியே, எதைப் படித்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். இனி ஆகப்போவதை மட்டும் எழுதிப் பாருங்கள். இன்ஜினியரிங் என்றால் இன்னும் நாலு லட்சம், ரெண்டு வருஷம், அரியரை எல்லாம் முடிக்க இன்னொரு வருஷம். பி.காம். என்றால் மூன்று வருஷம், மொத்தமே ஒரு லட்சத்துக்குள். காலம் ஒன்றுதான், பணத்தில் மூன்று லட்சத்துக்கு மேல் வித்தியாசம். அப்புறம் எதில் வேலைக்குப் போக அவனுக்கு மனசு இருக்கிறது என்பது தனி.

1985-ல் ஆர்க்ஸ், புளூமர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஒரு நாடக சீசனுக்கான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போனார்கள், பிற்பாதியில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. ஒரே தடவை கொடுத்த காசின் வலி ஆறு மாதத்தில் ஆறிவிடுகிறது. காலேஜில் அப்படி ஆற வழியே இல்லை, ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாகக் கட்டுகிறோமே! கட்டக் கட்ட விடுவதும் கஷ்டமாகிறது. பிடிக்காத படிப்பில் கடைசிவரை இருந்துவிடுவதற்கு இது பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காகப் பாதியில் விடுவதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. இதே பையனுக்கு ஒரே செமஸ்டர் பாக்கி, அரியரும் இல்லை என்றால், முடித்துவிடு என்றுதான் சொல்லியிருப்பேன். செலவழித்ததற்காக அல்ல, இன்னும் ஆறு மாதத்தில் கையில் ஒரு டிகிரி வரும் என்பதற்காக. வேலையிலும் இப்படித்தான், நாலரை வருஷம் ஆனவர் ஐந்து வருஷம் முடித்து கிராஜுவிட்டி வாங்கிக்கொண்டு கிளம்புவதில் தப்பே இல்லை, அது இனி வரப்போகிற பணம்.

சித்தப்பாவிடம் நான் கேட்டது ரெண்டுதான். படிப்பை நிறுத்தினால் கடன் தவணை எப்போது தொடங்கும் என்று வங்கியில் விசாரியுங்கள், சிலசமயம் முன்கூட்டியே கட்டச் சொல்வார்கள், அது நிஜமான செலவு. சான்றிதழ்களைக் காலேஜ் எப்போது தரும் என்று கேளுங்கள். இந்த ரெண்டுக்கும் பதில் வந்த பிறகு அடுத்த செமஸ்டர் பீஸைப் பற்றிப் பேசலாம், அதுவரை கட்டாதீர்கள்.