ஆதிகாலம் இல்லாததால நாலு மார்க் போச்சு

சனிக்கெழம கட்டுரைப் போட்டியில நானும் ஒரு நடுவர். "ஆதிகாலம்"னு ஆரம்பிக்காத ஒரு ஒம்பதாப்பு பிள்ளயோட கட்டுரைக்கு முன்னுரை மார்க்கே கெடைக்கல, அதுக்குப் பரிசு குடுக்கணும்னு நான் கேட்டேன். மத்தத அன்னைக்கே எழுதிட்டேன், திரும்ப சொல்லல. ஆனா நேத்துலருந்து "முன்னுரையே இல்லாத கட்டுரைக்கு எப்படி சார் பரிசு கேக்குறீங்க"ன்னு இன்பாக்ஸ்ல வந்துக்கிட்டே இருக்கு, அதான் இது.

தலைப்பு நீர் மேலாண்மை. கட்டுக்கட்டா பேப்பர், எதப் பிரிச்சாலும் "ஆதிகாலம் தொட்டே மனிதன் நீரோடு பின்னிப் பிணைந்து வாழ்ந்து வருகிறான்". நீர எடுத்துட்டு நெருப்புன்னு போடுங்க, செருப்புன்னு கூட போடுங்க, வரி அப்படியே நிக்கும். எல்லாத் தலைப்புக்கும் ஒக்காருற வரி எந்தத் தலைப்புக்கும் சொந்தமில்ல, இதத்தான்யா சொன்னேன்.

அந்த ஒம்பதாப்பு பிள்ள எழுதுனது: "என் அப்பா கிரிக்கெட் ஆடிய இடத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறது." மதுரக்காரனுக்கு வெளக்கணுமா, தெப்பக்குளம். படிச்ச ஒடனே அப்ப ஏன் காஞ்சு கெடந்துச்சு, இப்ப எங்கருந்து தண்ணி வந்துச்சுன்னு கேக்கத் தோணுதா இல்லையா? ரெண்டாவது பத்தியிலயே வைகையிலருந்து பனையூர் கால்வாய் வழியா குளத்துக்கு வர்ற வரத்தப் பத்தி ஆரம்பிச்சிர்றா. மொத வரி கேட்டதுக்கு அடுத்த பத்தி பதில் சொல்லுது. இதுக்கு மேல என்ன முன்னுரை வேணும்? முன்னுரைக்கு 4 மார்க், அதுல முட்ட.

எங்க அப்பத்தா கைநாட்டு. "கண்மா ஒடஞ்ச அன்னைக்கு ஒங்கப்பன் எனக்கு எட்டு மாசம் வயித்துல"ன்னுதான் கதைய ஆரம்பிக்கும், ஒருத்தன் எந்திரிச்சுப் போக மாட்டான். அதுக்கு ஆதிகாலம் தேவப்படல.

"அப்ப எல்லாரும் பரபரப்பா ஆரம்பிக்கணுமா"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. ஒரு பையன் "வீல் என்று ஒரு அலறல்!"னு ஆரம்பிச்சான், யாரு அலறுனா, எதுக்குன்னு கடைசி வரைக்கும் இல்ல. அதுக்கு ஆதிகாலமே தேவல, நானே மார்க்க கொறச்சேன்.

கீழடி மண்ணுல நின்னுக்கிட்டு பழமைய கேலி பண்றனாம். அட ஏங்க! கீழடி தலைப்புன்னா பானை ஓட்டுல "ஆதன்"னு கீறுன பேர்லருந்து ஆரம்பிங்க, யாரு வேணாங்குறா? பழசு தப்பில்ல, கையில புடிக்க ஒரு பொருள் வேணும்.

கூட இருந்த நடுவர் என்ன சொன்னாருன்னா "ஒங்களுக்கு அச்சாபீஸ் புரூஃப் தெரியும், கட்டுரை எங்களுக்குத் தெரியும்". சரிங்கய்யா. இருபது வருசமா அடுத்தவன் எழுத்தத் திருத்துறேன், நல்ல வரி முக்காவாசி மூணாவது பத்தியிலதான் ஒளிஞ்சு கெடக்கும், அத மேல தூக்கி வச்சா போதும்.

அந்தப் பிள்ளயும் அதத்தான் செஞ்சிருக்கு. மொதல்ல ஆதிகாலம்னுதான் எழுதுனாளாம், அப்பா வெளையாண்டது கீழ கெடந்துச்சாம், அத மேல கொண்டாந்துட்டு ஆதிகாலத்த அடிச்சிட்டா. மார்க் போச்சேன்னு அழுகல. பேப்பர நீட்டி அடிச்ச எடத்தக் காட்டி, "இத திரும்பப் போட்டுறவா சார்?"னு கேட்டா. எனக்கு வாயே வரல.